சுகன்யாவைத் தேடினால் கே.எம்.சுகன்யா கிடைப்பதில்லை

"எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பத்தாவது வரை இங்கேயே தமிழ் மீடியம், காலேஜ் கோயம்புத்தூரில். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பெயர் SUKANYA K M. டிகிரியில் K.M.SUKANYA. ஆதாரில் Sukanya Marimuthu. K ஊர், M அப்பா. ரெஸ்யூமில் K.M.Sukanya என்றும் லிங்க்ட்இனில் Sukanya KM என்றும் போட்டிருக்கிறேன். மூன்று வருஷமாகக் கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. போன மாதம் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் ஹெச்.ஆர். 'உங்க ப்ரொஃபைல் தேடினேன், கிடைக்கலையே' என்றார். இன்னொரு கம்பெனியிலிருந்து வந்த மெயில் 'Dear Marimuthu' என்று ஆரம்பித்தது. அப்பாவிடம் காட்டினேன், வீடே சிரித்தது. பெயரை விரித்து எழுதலாமா என்று பார்க்கிறேன். சான்றிதழில் இல்லாத பெயரைப் போட்டால் மோசடி ஆகிவிடும், முதலில் கெஜட்டில் மாற்று என்கிறார் மாமா. இனிஷியலால்தான் எனக்கு அழைப்பே வருவதில்லையோ என்றும் சந்தேகம். என்ன செய்யட்டும்?"

(பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அன்புள்ள சுகன்யா,

கடைசிச் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஆரம்பத்தில் பெயரை வைத்துத் தேடுவதில்லை. முன்பின் தெரியாத உங்கள் பெயரை அவர்கள் எப்படி அடிப்பார்கள்? டெஸ்டிங், செலினியம், மூன்று வருட அனுபவம், கோயம்புத்தூர் அல்லது பெங்களூர் என்றுதான் அடிப்பார்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் வராவிட்டால் அதற்கும் இனிஷியலுக்கும் சம்பந்தமில்லை. ப்ரொஃபைலில் வேலை பற்றிய விவரம் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

பெயர் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில். உங்கள் ரெஸ்யூம் ஒருவர் கைக்குப் போய்விட்டது, அல்லது உங்கள் தோழி உங்கள் பெயரைச் சொல்லி விட்டார். போன் போடும் முன்பு அவர் லிங்க்ட்இனிலோ கூகுளிலோ ஒருமுறை பார்க்கிறார். ஆறு மாதம் கழித்து, "அன்றைக்கு ஒரு பெண் வந்தாரே, சுகன்யா" என்று கம்பெனியின் பழைய விண்ணப்பங்களில் துழாவுகிறார். இந்த இரண்டு இடங்களிலும் பெயர் எழுதியிருக்கும் விதம் காரியத்தைக் கெடுக்கும். பெங்களூர்க்காரருக்கு நடந்தது முதல் வகை என்று நினைக்கிறேன்.

ஒரு புள்ளி செய்யும் வேலை

உங்கள் ரெஸ்யூமில் K.M.Sukanya என்று இடைவெளியே இல்லாமல் இருக்கிறது. கண்ணால் படிக்கும் நமக்கு அது மூன்று துண்டு. தேடும் எந்திரம் அப்படிப் பார்க்காமல் போகலாம். எழுத்தை முதலில் சொற்களாக வெட்டி, அந்தச் சொற்களை அட்டவணை போட்டு வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான தேடல் நடக்கிறது. நிறைய நிறுவன மென்பொருள்களுக்கு அடியில் இருக்கும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதையும் மாற்றாமல் விட்டால், யூனிகோடின் சொல் பிரிக்கும் விதிப்படி வெட்டும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியில்லாமல் ஒரு புள்ளி வந்தால் அங்கே வெட்டக்கூடாது என்பது அந்த விதி. விளைவு இது:

```
K.M.Sukanya    ->  k.m.sukanya
K. M. Sukanya  ->  k | m | sukanya
Sukanya K M    ->  sukanya | k | m
Sukanya KM     ->  sukanya | km
```

முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். ஒன்று உங்கள் ரெஸ்யூம், இன்னொன்று உங்கள் லிங்க்ட்இன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. முதல் வரியில் "sukanya" என்ற சொல்லே தனியாக இல்லை என்பதால், பழைய விண்ணப்பங்களில் ஒருவர் sukanya என்று மட்டும் அடித்தாலும் நீங்கள் வர மாட்டீர்கள்.

எல்லாத் தளமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கூகுள் பெரும்பாலும் புள்ளியைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு வேலைத் தளத்துக்கும் தனி ஏற்பாடு இருக்கும். ஆனால் உங்கள் ரெஸ்யூம் எந்தெந்த எந்திரத்துக்குள் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் பிழைக்கும்படி எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

இனிஷியல் விஷயத்தில் இன்னொரு பலவீனமும் உண்டு. சின்ன கன்சல்டன்சிகள் சில ஆள் பட்டியலை மையெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் வைத்திருப்பார்கள். அதில் இப்போது வழக்கமாக இருக்கும் அமைப்பின் முழுச்சொல் தேடல், மாற்றாமல் விட்டால், மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லை அட்டவணையில் ஏற்றுவதே இல்லை. K போகும், M போகும், KM-உம் போகும். மிச்சம் வெறும் Sukanya. அந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனிஷியலை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும் தேடலில் அது தரும் உதவி கொஞ்சம்தான். Marimuthu தரும் உதவி நிறைய.

எந்தப் பெயரை முன்னால் வைப்பது

விரித்து எழுத எனக்குச் சம்மதம், ஆனால் பாதி மட்டும். அப்பா பெயரை விரியுங்கள், ஊர்ப் பெயரை விரிக்க வேண்டாம். Kozhinjampara என்று ஒருவர் எழுதுவார், Kolinjampara என்று இன்னொருவர் எழுதுவார். அது பெயருக்குள் வந்தால் புதுக் குழப்பம்தான். ஊருக்கென்று ப்ரொஃபைலில் தனிக் கட்டம் இருக்கிறது. அப்பா பெயரையும் ஆதாரில் இருக்கும் எழுத்துக்கூட்டல் அப்படியே வரும்படி எழுதுங்கள், ஒரு a கூடவோ குறையவோ வேண்டாம். ஆக, எங்கும் காட்டும் பெயர் Sukanya Marimuthu.

அப்பா பெயரைப் பொதுவில் போட விருப்பமில்லை என்றால் அது உங்கள் உரிமை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது Sukanya K M என்று இடைவெளி விட்டு, புள்ளி இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பெயரை மட்டும் அடித்துத் தேடினால் நீங்கள் கூட்டத்தில் கலந்துதான் வருவீர்கள். ஊரும் வேலையும் சேர்த்துத் தேடினால் கிடைப்பீர்கள். அந்த இழப்பைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டில் எதை எடுத்தாலும் உங்கள் பெயர் முன்னால், இனிஷியலோ அப்பா பெயரோ பின்னால். எல்லையில் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் இனிஷியல் முன்னால் வந்துவிடும், இந்தக் கேரளப் பக்கம் வந்தால் பின்னால் போய்விடும். நம் ஊரில் ஒரே வீட்டில் அண்ணனுக்கு முன்னாலும் தங்கைக்குப் பின்னாலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரெஸ்யூமைப் படிக்கும் மென்பொருளுக்குக் கேரள முறைதான் வசதி. முதல் சொல்லை முதல் பெயர், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொள்ளும். K M Sukanya என்று கொடுத்தால் உங்களுக்கு "Dear K" என்று மெயில் வரும். Sukanya K M என்றால் "Dear Sukanya".

"Dear Marimuthu" எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. எங்கோ ஒரு படிவத்தில் First name கட்டத்தில் அப்பா பெயர் போயிருக்கும், அல்லது குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பதே அந்தக் கம்பெனியின் பழக்கமாக இருக்கும். முதல் வகையை நீங்கள் தடுக்கலாம். இரண்டாவது வகைக்கு மெயிலின் கீழே கையெழுத்து வரியில் Sukanya என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் அடுத்த மெயிலில் சரியாகிவிடும். அப்பாவுக்குக் கொஞ்ச நாள் கூடுதல் மரியாதை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

Last name கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்காத படிவங்கள் உண்டு. அப்போது சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் MM என்று போடுகிறார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு தரம் எழுதுகிறார்கள். அது அப்படியே ஆஃபர் லெட்டர் வரைக்கும் போய் நிற்கும். இந்த ஒரு தொல்லைக்காகவாவது Marimuthu-வைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

பழைய பெயரை அழிக்காதீர்கள்

விரித்த பெயருக்கு மாறுபவர்கள் செய்யும் தவறு, சுருக்கத்தை முழுக்கத் துடைத்துவிடுவது. உங்கள் கல்லூரித் தோழிகளுக்கு நீங்கள் சுகன்யா கே.எம்.தான். அவர்கள் சிபாரிசு செய்யும்போது Sukanya KM என்றுதான் எழுதுவார்கள், அதைத் தேடுபவருக்கும் நீங்கள் கிடைக்க வேண்டும். அதனால் பெரிய எழுத்தில் ஒன்று, அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று. ரெஸ்யூமின் தலைப்பு இப்படி இருக்கட்டும்:

```
Sukanya Marimuthu
Name in certificates: Sukanya K M
```

இதைப் பக்கத்தின் முதல் வரியாக எழுதுங்கள். வேர்டில் மேலே தனியாக வரும் ஹெடர் பகுதியிலோ அலங்காரப் பெட்டிக்குள்ளோ எழுதாதீர்கள். சில மென்பொருள் அந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. பி.டி.எஃப்.பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். முதல் வரியில் உங்கள் பெயர் முழுதாக வந்தால் சரி. வேறெங்கோ வந்தாலோ வராமலே போனாலோ, எந்திரத்துக்கும் சிக்கல் வர வாய்ப்பு அதிகம்.

லிங்க்ட்இனில் First name-இல் Sukanya, Last name-இல் Marimuthu. அதே அறிமுகப் பகுதியைத் திருத்தும் இடத்தில் கூடுதல் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், பழைய பெயருக்காகவும் செல்லப் பெயருக்காகவும் வைத்தது. அதில் Sukanya K M என்று போட்டு, யார் பார்க்கலாம் என்ற இடத்தில் எல்லோரும் என்று வையுங்கள். உங்களைப் பற்றிய பத்தியின் கடைசியில் ஒரு வரியாக Sukanya KM என்ற ஒட்டிய வடிவத்தையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். பெயர்க் கட்டத்துக்குள்ளேயே எல்லா வடிவத்தையும் அடைத்து வைக்காதீர்கள், பெயர் தவிர வேறெதையும் அங்கே போடுவது தளத்தின் விதிக்கு விரோதம். ப்ரொஃபைலின் முகவரியையும் sukanya-marimuthu என்று வருமாறு மாற்றிக்கொள்ளலாம். அது ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால் பின்னால் testing என்று சேருங்கள். அந்த முகவரியை ரெஸ்யூமில் அச்சடித்துவிட்டால் யாரும் தேடவே வேண்டாம், தொட்டால் வந்து நிற்கும். பெங்களூர்க்காரருக்கு உண்மையில் இது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

இன்னொன்று, பெண்கள் பலர் பாதுகாப்புக்காக ஒரு அமைப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். உங்களோடு இணைப்பில் இல்லாதவர்களுக்குக் கடைசிப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிக் காட்டும் வசதி அது. அது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் என்னதான் விரித்து எழுதினாலும் வெளியாட்களுக்கு Sukanya M. என்றுதான் தெரியும். தனியுரிமைப் பகுதியில் பாருங்கள். வேண்டுமென்றே வைத்திருந்தால் இருக்கட்டும், தெரியாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெயரைவிட அது முக்கியம். கம்பெனி மென்பொருள்கள் ஒரே ஆள் இரண்டு முறை விண்ணப்பித்தாரா என்பதைப் பெரும்பாலும் மெயிலையும் போன் எண்ணையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. ஜிமெயில் முகவரியில் நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். அந்த மென்பொருளுக்கு அது தெரியாமல் போகலாம். புள்ளி வைத்து ஒருமுறை, வைக்காமல் ஒருமுறை விண்ணப்பித்தால் நீங்கள் இரண்டு பெண்கள் ஆகிவிடுவீர்கள். அதனால் பெயரை மாற்றினாலும் மெயிலையும் போன் எண்ணையும் மாற்றாதீர்கள், புள்ளியைக்கூட இருந்தபடியே விடுங்கள்.

மாமா சொல்வதில் எது சரி, எது இல்லை

மோசடி என்பதற்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். ஆதாரில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் சொந்தப் பெயரை, சான்றிதழில் எப்படி இருக்கிறது என்றும் கீழேயே எழுதிக் காட்டுவதில் யாரை ஏமாற்றுகிறீர்கள்? ரெஸ்யூமும் ப்ரொஃபைலும் நீங்கள் அறியப்படும் பெயரைக் காட்டும் இடங்கள். அதற்குக் கெஜட் தேவையில்லை. சான்றிதழிலேயே பெயரை மாற்ற வேண்டும் என்றால்தான் அந்த வழி. அதற்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.

மாமா கவலைப்படுவதில் நியாயம் இருக்கும் இடம் வேறு. வேலை உறுதியான பிறகு வரும் சரிபார்ப்புப் படிவத்தில் சான்றிதழில் உள்ளபடி பெயர் என்று கேட்டிருந்தால், டிகிரிக்கு நேராக K.M.SUKANYA என்று புள்ளி மாறாமல் எழுத வேண்டும். ஆதாரில் உள்ளபடி என்று கேட்டால் Sukanya Marimuthu. வேறு பெயர்கள் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள், மற்ற வடிவங்களை அங்கே எழுதுங்கள். பி.எஃப். கணக்கில் பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று வருட வேலையில் உங்கள் யு.ஏ.என். எந்தப் பெயரில் இருக்கிறது என்று இப்போதே உள்ளே போய்ப் பாருங்கள். வேலை மாறும்போதுதான் அந்த வித்தியாசம் தலைகாட்டும்.

பான் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்பதில்லை, முழுப் பெயர்தான் கேட்பார்கள், அட்டையில் அச்சிட வேண்டுமானால் சுருக்கம் கேட்கலாம். எண்ணின் ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. உங்களுக்கு அங்கே M இருந்தால் Marimuthu குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது, நாம் போடும் வரிசையோடு ஒத்துப்போகிறது. S இருந்தால் விண்ணப்பத்தில் யாரோ மாற்றி எழுதியிருக்கிறார்கள் அல்லது Sukanya ஒன்றையே கடைசிப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு அதனால் ஆபத்தில்லை, ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவருவது நல்லது, அங்கேயும் பெயரை விரித்துத்தான் எழுத வேண்டும்.

சரிபார்ப்பில் யாராவது "K.M.SUKANYA-வும் Sukanya Marimuthu-வும் ஒரே ஆள்தான் என்று காட்டுங்கள்" என்று கேட்டால் கேரளத்தில் அதற்கென்றே ஒரு சான்று இருக்கிறது. ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் என்பார்கள். அக்ஷயா மையத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் வழியாக விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீசில் கொடுப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிகிரி, ஆதார் மூன்றையும் எடுத்துப் போங்கள். விண்ணப்பத்தில் மூன்று வடிவங்களும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டை மட்டும் எழுதி வாங்கிவந்து, மூன்றாவதுக்காக மறுபடி அலைபவர்கள் உண்டு. வெளிமாநிலக் கம்பெனிக்கு இந்தச் சான்று பழக்கமில்லாமல் இருக்கலாம், அப்போது நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். கேட்டபிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாற்றி முடித்ததும் இரண்டு மூன்று வாரம் விட்டு, லாக்-இன் செய்யாத ஜன்னலில் கூகுளைத் திறந்து இந்த மூன்றையும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள்:

```
"Sukanya Marimuthu" testing
"Sukanya KM" Coimbatore testing
"K M Sukanya" testing
```

முதலாவதில் உங்கள் ப்ரொஃபைல் முதல் பக்கத்தில் வர வேண்டும். இரண்டாவது வந்தால் மகிழ்ச்சி. மூன்றாவது வராவிட்டால் கவலைப்படாதீர்கள், டிகிரியில் இருப்பதை அப்படியே அடித்துத் தேடுபவர்கள் குறைவு. இதே மூன்றையும் மேற்கோள் குறி இல்லாமல் லிங்க்ட்இனுக்குள்ளும் பாருங்கள், ஆனால் உங்கள் கணக்கிலிருந்து பார்க்காதீர்கள், உங்களோடு இணைப்பில் இல்லாத யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முதல் தேடலிலேயே வரவில்லை என்றால் நான் சொன்ன கடைசிப் பெயர் சுருக்க அமைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அதற்கடுத்து, வெளியாருக்குக் காட்டும் பொது ப்ரொஃபைல் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.